கோத்தகிரித் தேயிலைக் கடைக்கு ஒரு இருமொழி பில்: எழுத்தில் தொகை பிசகாமல் போடும் வழி

கோத்தகிரியில் தேயிலையைப் பாக்கெட் போட்டுக் கோவைக்கும் மதுரைக்கும் அனுப்பும் சிறு கடைகளுக்கு நான் பில் படிவம் அமைத்துக் கொடுக்கிறேன். புதிதாக வேலைக்கு வருபவர்கள் வரிக் கணக்கில் அவ்வளவாகத் தடுக்கி விழுவதில்லை. அவர்கள் விழுவது இரண்டே இடங்களில்: தமிழையும் ஆங்கிலத்தையும் தாளில் எப்படி அடுக்குவது, கடைசி வரியில் தொகையைத் தமிழ் எழுத்தில் எப்படிப் போடுவது.

கீழே உள்ளது ஒரே ஒரு பில். கோத்தகிரிக் கடை ஒன்று கோயம்புத்தூர்க் கடைக்கு மூன்று வகைத் தேயிலை அனுப்புகிறது. கணினியில் எக்செல் அல்லது லிப்ரே ஆபீஸ் கால்க் இருந்தால் போதும்.

## 1. தொடங்கும் முன் எடுத்து வைக்க வேண்டியவை

முதலில் விற்பவருடைய ஜி.எஸ்.டி. பதிவுச் சான்றிதழின் நகல் வேண்டும். வாங்குபவருடைய சான்றிதழையும் வாட்ஸப்பில் கேட்டு வாங்கிவிடுங்கள். ஆங்கிலத்தில் பெயரும் முகவரியும் அந்தச் சான்றிதழில் உள்ள எழுத்துக்கூட்டலிலேயே இருக்க வேண்டும். நம் ஊர்களின் பெயரை ஆங்கிலத்தில் ஆளுக்கொரு விதமாக எழுதுகிறோம். 2020இல் தமிழ்நாடு அரசே ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலை மாற்றி ஓர் அரசாணை வெளியிட்டு, சில நாட்களில் அதைத் திரும்பப் பெற்றது. ஆகவே உங்களுக்குச் சரியென்று தோன்றும் கூட்டல் எதுவானாலும் ஒதுக்கி வைத்துவிட்டு, சான்றிதழைப் பார்த்து எழுதுங்கள். தமிழ் முகவரியில் கோத்தகிரி, குன்னூர், உதகமண்டலம் என்று இயல்பாக எழுதலாம்.

அடுத்து பில் எண். ஜி.எஸ்.டி. விதி 46இன்படி எண் வரிசையாக வர வேண்டும், ஒரு நிதியாண்டுக்குள் மறுபடி வரக்கூடாது, 16 எழுத்துகளைத் தாண்டக்கூடாது. எழுத்து, இலக்கம், சிறு கோடு, சாய்கோடு ஆகியவை மட்டும் வரலாம். நான் இப்படி வைக்கிறேன்:

```
KTG/25-26/0147
```

இது 14 எழுத்து. பில் எண்ணைத் தமிழில் போடும் ஆசையை விட்டுவிடுங்கள். இதே எண்ணை இ-வே பில்லிலும் மாதாந்தரக் கணக்கிலும் தட்ட வேண்டியிருக்கும். வாங்குபவரின் கணக்கரும் தம் பக்கத்தில் தட்டுவார். மூன்று இடத்திலும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருந்தால்தான் வரி வரவு பொருந்தும்.

## 2. எது இரு மொழியில், எது ஒரே முறை

இதைத் தீர்மானிக்காமல் படிவத்தைத் திறக்காதீர்கள். புதியவர்கள் பெரும்பாலும் தாளை நடுவில் பிரித்து, இடப்பக்கம் தமிழ் பில், வலப்பக்கம் ஆங்கில பில் என்று இரண்டு பட்டியல் போடுகிறார்கள். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஒரு விலையைத் திருத்தும்போது இடப்பக்கம் மாறி வலப்பக்கம் மாறாமல் போகும். அதன்பின் எந்தப் பக்கம் சரி என்று யாராலும் சொல்ல முடியாது.

நான் பின்பற்றும் வழக்கம் எளிது. தலைப்புச் சொற்கள் இரு மொழியிலும் இருக்கும். எண், தேதி, அளவு, விலை, வரி எல்லாம் ஒரே முறை, 1 2 3 என்ற இலக்கங்களில் மட்டும். கடைப் பெயர், முகவரி, மாநிலம், பொருளின் பெயர் ஆகியவை இரு மொழியிலும் வரும். தொகை எழுத்திலும் இரு மொழியில் வரும். வேறெதுவும் இரட்டிப்பாகாது.

```
வரி விலைப்பட்டியல் / TAX INVOICE

பில் எண் / Invoice No.      : KTG/25-26/0147
நாள் / Date                 : 14-11-2025
மாநிலம், குறியீடு / State, Code : தமிழ்நாடு / Tamil Nadu, 33
```

தலைப்பில் 'ரசீது' என்று போடாதீர்கள். பேச்சில் எல்லாத் தாளையும் ரசீது என்கிறோம். எழுத்தில் ரசீது என்றால் பணம் வந்து சேர்ந்துவிட்டது என்று பொருள். முப்பது நாள் கடனுக்குச் சரக்கு அனுப்பிவிட்டு மேலே 'ரசீது' என்று அச்சடித்த ஒரு கடைக்காரரிடம், "பணம் வாங்கினேன் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்களே" என்று வாங்கியவர் கேட்டார். விளையாட்டாகத்தான் கேட்டார். ஆனாலும் அந்தச் சொல்லை மாற்றும் வரை கடைக்காரர் நிம்மதியாக இல்லை. 'விலைப்பட்டியல்' போதும், வரி வாங்கும் கடை என்றால் 'வரி விலைப்பட்டியல்'.

தேதியை நாள்-மாதம்-ஆண்டு என்று, ஆண்டை நான்கு இலக்கத்தில் எழுதுங்கள். எல்லையைத் தாண்டிக் கேரளத்துக்கோ கர்நாடகத்துக்கோ சரக்குப் போகும் பில்லில் வாங்குபவருடைய மாநிலப் பெயரும் குறியீடும் கட்டாயம். கேரளம் 32, கர்நாடகம் 29. அங்கே வரியும் மத்திய ஜி.எஸ்.டி., மாநில ஜி.எஸ்.டி. என்று இரண்டாகப் பிரியாமல் ஒருங்கிணைந்த ஜி.எஸ்.டி. என்று ஒரே வரிசையில் வரும். ஆகவே அதற்குத் தனிப் படிவம் வைத்துக்கொள்ளுங்கள். ஒரே படிவத்தில் வரிசையை மறைத்தும் திறந்தும் வேலை செய்தால் என்றாவது மறந்துபோகும்.

## 3. பொருளின் பெயர்: மலையில் ஒரு பொருள், சமவெளியில் வேறு பொருள்

மொழிபெயர்ப்பு அகராதி இங்கே காலை வாரிவிடும். எங்கள் கணக்கில் உள்ள மூன்று பொருட்களில் ஒன்று கிரீன் டீ. அதைத் தமிழாக்கி 'பச்சைத் தேயிலை' என்று எழுதத் தோன்றும். நீலகிரியில் பச்சைத் தேயிலை என்றால் செடியிலிருந்து பறித்து, சாக்கில் கட்டி, எடை போட்டு ஆலைக்கு அனுப்பும் பச்சை இலைதான். இங்குள்ள சிறு விவசாயிகள் பேசுவதும் அந்த இலையின் விலையைப் பற்றித்தான்.

சொல் குழப்பத்தோடு இது நிற்பதில்லை. பதப்படுத்தாத அந்த இலைக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. பதப்படுத்திய தேயிலைக்கு 5 சதவீதம். இரண்டுக்கும் ஹெச்.எஸ்.என். தலைப்பு எண் ஒன்றுதான்: 0902. அப்படியானால் தாளில் இரண்டையும் பிரித்துக் காட்டுவது பெயர் மட்டும். 'பச்சைத் தேயிலை, 0902, வரி 5%' என்று எழுதினால் படிப்பவருக்குச் சந்தேகம் வருவது நியாயம். 'கிரீன் டீ' என்றே தமிழ் எழுத்தில் எழுதிவிடுங்கள். கடையில் கேட்பவரும் அப்படித்தான் கேட்கிறார்.

```
கிரீன் டீ, 100 கிராம் பாக்கெட்
Green Tea, 100 g packet
```

தமிழ் மேலே, ஆங்கிலம் அதே கட்டத்தில் கீழே, எழுத்தளவு ஒரு புள்ளி சிறிதாக. இரண்டையும் சாய்கோடு போட்டு ஒரே வரியில் ஓட்டினால் கட்டத்தின் ஓரத்தில் எங்காவது உடையும். ஆண்டு விற்பனை 5 கோடி வரை உள்ள கடைக்கு ஹெச்.எஸ்.என். நான்கு இலக்கம் போதும். அதைத் தாண்டினால் ஆறு இலக்கம் வேண்டும்.

## 4. எழுத்துருவை இப்போதே முடிவு செய்யுங்கள்

அச்சகத்தில் பழகியவர்கள் பழைய எழுத்துருவில்தான் வேகமாகத் தட்டுகிறார்கள். பாமினி போன்றவற்றில் தமிழ் எழுத்து இருப்பதே இல்லை. ஆங்கில எழுத்துக்குத் தமிழ் உருவம் மாட்டப்பட்டிருக்கிறது. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் 'தமிழ்' என்ற சொல் இப்படித் தெரியும்:

```
jkpo;
```

வாங்குபவர் செல்பேசியில் திறந்தால் முழு பில்லும் இப்படித்தான் இருக்கும். அதைவிடப் பெரிய சிக்கல், கீழே நாம் எழுதப்போகும் வாய்பாடுகள் சொல்லின் கடைசி எழுத்தை வெட்டி ஒட்டுபவை. பழைய எழுத்துருவில் அது நடக்காது. ஆகவே யூனிகோடு தவிர வேறு வழியில்லை. விண்டோஸில் Nirmala UI அல்லது Latha ஏற்கெனவே இருக்கும். Noto Sans Tamil இலவசமாகக் கிடைக்கிறது. தடித்த எழுத்து அதில் தெளிவாக வருகிறது.

லிப்ரே ஆபீஸில் ஒரு கண்ணி உண்டு. அது ஆங்கிலத்துக்கு ஓர் எழுத்துரு, தமிழ் போன்ற மொழிகளுக்கு இன்னொன்று என்று தனித்தனியாக வைத்திருக்கிறது. ஆங்கில எழுத்துருவையும் அளவையும் மாற்றிவிட்டு, "தமிழ் அப்படியே நிற்கிறதே" என்று தவிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். எழுத்து அமைப்புப் பெட்டியில் CTL என்ற பகுதி இருக்கும். தமிழின் எழுத்துருவும் அளவும் அங்கேதான். அந்தப் பகுதியே தெரியாவிட்டால் மொழி அமைப்பில் அதற்கான குறியைப் போட வேண்டும்.

## 5. தாளில் இடம் ஒதுக்குவது

தமிழ்ச் சொல் ஆங்கிலத்தைவிட அகலம் கேட்கும். 'வரிக்கு உட்பட்ட மதிப்பு' என்ற தலைப்பு ஒரு சிறு கட்டத்தில் மூன்று வரியாக மடங்கும். ஆகவே முதலில் தமிழ்த் தலைப்புகளைப் போட்டு அகலத்தை முடிவு செய்யுங்கள். ஆங்கிலம் தானே அடங்கிவிடும். பலரும் ஆங்கிலப் படிவம் ஒன்றை எடுத்து அதில் தமிழைத் திணிக்கிறார்கள். அந்த வரிசையில் போனால் எழுத்தைச் சுருக்கிச் சுருக்கிக் கடைசியில் ஏழு புள்ளிக்கு வந்து நிற்பார்கள். தமிழுக்கு 10, ஆங்கிலத்துக்கு 9 என்று தொடங்குங்கள்.

வரிசை உயரத்தை எண் கொடுத்துப் பூட்டாதீர்கள். தமிழில் கொம்பும் விசிறியும் மேலும் கீழும் நீளும். 'மூ', 'நூ' ஆகியவற்றின் வால் வெட்டுப்பட்டால் 'நூறு' என்பது 'நாறு' போலத் தெரியும். தேயிலை விற்பவருக்கு இது நல்லதல்ல.

வரித் தலைப்பில் 'மத்திய சரக்கு மற்றும் சேவை வரி' என்று முழுதாக எழுத இடம் இருக்காது. 'மத்திய ஜி.எஸ்.டி.', 'மாநில ஜி.எஸ்.டி.' போதும். எழுத்தில் தொகைக்கு மட்டும் தாளின் முழு அகலத்தையும், இரண்டு வரி உயரத்தையும் விட்டுவையுங்கள். அது ஏன் என்று அடுத்த பகுதிகளில் தெரியும்.

## 6. எழுத்துக்கு முன் எண்ணை முடியுங்கள்

நம் பில்லின் கணக்கு இது:

```
தேயிலைத் தூள் 500 கிராம்     300 × 165 =  49,500.00
இலைத் தேயிலை 250 கிராம்      200 × 180 =  36,000.00
கிரீன் டீ 100 கிராம்         160 × 120 =  19,200.00
வரிக்கு உட்பட்ட மதிப்பு                 1,04,700.00
மத்திய ஜி.எஸ்.டி. 2.5%                    2,617.50
மாநில ஜி.எஸ்.டி. 2.5%                     2,617.50
மொத்தம்                                 1,09,935.00
```

வரியில் 50 காசு இரண்டு முறை வந்திருப்பதைப் பாருங்கள். ஒவ்வொன்றையும் தனியாக முழு ரூபாயாக்கினால் 2,618 இரண்டு முறை, மொத்தம் 1,09,936. ஒரு ரூபாய் கூடிவிட்டது. நான் ஜி.எஸ்.டி. வரிசைகளில் காசைக் காட்டிவிட்டு, கடைசி மொத்தத்தை மட்டும் முழுதாக்குகிறேன்; வித்தியாசம் இருந்தால் 'முழுதாக்கம்' என்று தனி வரி. உங்கள் ஆடிட்டர் வேறு முறை வைத்திருந்தால் அதையே பிடியுங்கள், ஆனால் எல்லா பில்லிலும் ஒரே முறையாக இருக்கட்டும்.

இன்னொரு பிழை கண்ணுக்குத் தெரியாது. மொத்தக் கட்டத்தில் தசமத்தை மறைத்து வைத்திருப்பார்கள். உள்ளே 1,09,934.60 இருக்கும், திரையில் 1,09,935 என்று தெரியும். எழுத்தாக்கும் வாய்பாடு உள்ளே இருப்பதை வெட்டி எடுத்து 'முப்பத்து நான்கு' என்று எழுதிவிடும். இலக்கம் ஒன்று, எழுத்து ஒன்று. ஆகவே மொத்தத்தை ROUND போட்டு ஒரு கட்டத்தில் வைத்து, எழுத்தை அந்தக் கட்டத்திலிருந்து மட்டும் எடுங்கள்.

இலக்கத்துக்கு நம் முறையில் காற்புள்ளி வர வேண்டும். கணினி 109,935 என்று காட்டினால் இந்த வடிவத்தைக் கொடுங்கள்:

```
[>=10000000]##\,##\,##\,##0.00;[>=100000]##\,##\,##0.00;##,##0.00
```

இந்த பில்லின் மொத்தம் ஒரு லட்சத்தைத் தாண்டுகிறது. தமிழ்நாட்டுக்குள் போகும் சரக்குக்கு இ-வே பில் கேட்கும் வரம்பு அதுதான். லாரி மலை இறங்கும் முன் அதையும் எடுத்துவிடுங்கள்.

## 7. தமிழில் எண்ணுப்பெயர் எப்படி உருமாறுகிறது

ஆங்கிலத்தில் எண்ணுப்பெயர்கள் செங்கல் மாதிரி. எதற்குப் பக்கத்தில் வைத்தாலும் உருவம் மாறாது. தமிழில் ஒரு சொல்லின் உருவத்தை அடுத்து வருவது தீர்மானிக்கிறது. ஆயிரத்தோடு தொகை முடிந்தால் 'ஆயிரம்'. பின்னால் ஏதேனும் வந்தால் 'ஆயிரத்து'. அதேபோல 'லட்சம்', 'லட்சத்து'. 'நூறு', 'நூற்று'. இதை அறியாத மென்பொருள் 'ஒன்று லட்சம் ஒன்பது ஆயிரம் ஒன்பது நூறு முப்பது ஐந்து' என்று அடுக்கித் தள்ளும். படிப்பவருக்குப் புரியும்தான். ஆனால் கடையின் பெயர் போட்ட தாளில் அப்படி வருவது வெட்கம்.

நம் தொகையைக் கவனியுங்கள்: 1,09,935. இதில் ஒன்பதாயிரமும் தொள்ளாயிரமும் அடுத்தடுத்து வருகின்றன. தமிழில் 900 மட்டும் நூறு என்று முடியாமல் ஆயிரம் என்று முடிகிறது. 90 அதேபோல நூறு என்று முடிகிறது. தொண்ணூறு, தொள்ளாயிரம், ஒன்பதாயிரம் மூன்றையும் புதியவர்கள் மாற்றிப் போடுவார்கள். 'தொள்ளாயிரம்' என்று பார்த்து ஆயிரத்தில் கணக்கு வைத்த பையன் ஒருவன் என்னிடம் இருந்தான். 900 தொடர்ந்து போகும்போது 'தொள்ளாயிரத்து' ஆகும்; மற்ற எட்டு நூறுகளும் 'நூற்று' ஆகும்.

நூறுகளின் எழுத்துக்கூட்டலையும் ஒருமுறை சரிபாருங்கள்: இருநூறு, முந்நூறு, நானூறு, ஐந்நூறு, அறுநூறு, எழுநூறு, எண்ணூறு. 'முன்னூறு' என்று அடிக்கடி வருகிறது; அது தவறு. 'இருபத்தி மூன்று' என்பது பேச்சு. எழுத்தில் 'இருபத்து மூன்று'.

ஒன்று என்ற சொல்லுக்கும் இடத்துக்கு இடம் வேறு உருவம். தனியாக 'ஒன்று', லட்சத்துக்கு முன் 'ஒரு', ஆயிரத்தோடு சேர்ந்தால் 'ஓராயிரம்'. 21 லட்சம் 'இருபத்தொரு லட்சம்', 21 ஆயிரம் 'இருபத்தோராயிரம்'.

கடைசியாக ஒற்று. 'ஆயிரத்து', 'லட்சத்து', 'நூற்று' ஆகியவற்றுக்குப் பின் வல்லினம் வந்தால் ஒற்று மிகும்: ஆயிரத்துத் தொள்ளாயிரம், நூற்றுப் பத்து. சந்தி என்றதும் பயந்துவிடுகிறார்கள். இங்கே வேலை மிகக் குறைவு. ஒரு கோடிக்குக் கீழே வரும் தமிழ் எண்ணுப்பெயர்களில் வல்லினத்தில் தொடங்குபவை 'ப' வரிசையும் 'த' வரிசையும்தான்: பத்து முதல் பத்தொன்பது வரை, தொண்ணூறுகள், தொள்ளாயிரம். இந்த இரண்டு எழுத்தைக் கவனித்தால் போதும்.

ஆக, நம் தொகை இரு மொழியிலும்:

```
ரூபாய் ஒரு லட்சத்து ஒன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தைந்து மட்டும்
Rupees One Lakh Nine Thousand Nine Hundred Thirty Five Only
```

'ரூபாய்' முன்னால், 'மட்டும்' பின்னால். பேச்சில் ரூபாய் பின்னால்தான் வரும். பில்லில் முன்னால் வைப்பது, இடப்பக்கம் யாரும் ஒரு சொல்லைச் சொருக இடம் விடாமல் இருக்கத்தான். 'ஆயிரம்' என்று தொடங்கும் தொகைக்கு முன் வெற்றிடம் இருந்தால் 'பத்து' சேர்ப்பது எளிது. 'ஓராயிரம்' என்று எழுதுவதும் இதே காரணத்துக்காக.

காசோலையில் இலக்கமும் எழுத்தும் வேறுபட்டால் எழுத்தில் உள்ள தொகையே செல்லும் என்று 1881ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டம் பிரிவு 18 சொல்கிறது. பில் காசோலை அல்ல. ஆனாலும் பணம் கொடுக்கும் கணக்கருக்கு அந்தப் பழக்கம் ஊறியிருக்கிறது. எழுத்து பிசகினால் பில்லைத் திருப்பி அனுப்பிவிடுவார்.

## 8. அட்டவணையும் வாய்பாடும்

எக்செலில் தொகையை எழுத்தாக்க உள்ளேயே இருக்கும் ஒரே செயற்பாடு தாய்லாந்து மொழிக்கானது. தமிழுக்கு நாமே அட்டவணை போட வேண்டும். ஒரு மாலை வேலை. ஒருமுறை செய்தால் போதும்.

`Sol` என்ற பெயரில் புதிய தாள் திறங்கள். தலைப்பு வரிசை வேண்டாம். வரிசை எண்ணே தொகையாக இருக்கட்டும். முதல் நிரலில் 1 முதல் 99 வரை தனிப் பெயர்கள். இரண்டாவதில் லட்சத்துக்கு முன் வரும் வடிவம். முதல் நிரலை அப்படியே நகலெடுத்து, ஒன்றில் முடியும் பத்து வரிசைகளை மட்டும் 'ஒரு', 'பதினொரு', 'இருபத்தொரு' என்று மாற்றுங்கள். மூன்றாவதில் ஆயிரத்தோடு சேர்ந்த வடிவம். நான்காவதில் நூறுகள், ஐந்தாவதில் அவற்றின் தொடர் வடிவம், ஒன்பதே வரிசை.

```
வரிசை   A               B               C                    D            E
1       ஒன்று           ஒரு             ஓராயிரம்             நூறு         நூற்று
5       ஐந்து           ஐந்து           ஐயாயிரம்             ஐந்நூறு      ஐந்நூற்று
9       ஒன்பது          ஒன்பது          ஒன்பதாயிரம்          தொள்ளாயிரம்   தொள்ளாயிரத்து
21      இருபத்தொன்று    இருபத்தொரு      இருபத்தோராயிரம்
90      தொண்ணூறு        தொண்ணூறு        தொண்ணூறாயிரம்
```

இப்போது பில் தாளின் ஓரத்தில், அச்சில் வராத இடத்தில், தொகையைப் பிரியுங்கள். மொத்தம் `H30` இல் இருப்பதாக வைத்துக்கொள்வோம்.

```
M1  =ROUND(H30,0)
M2  =INT(M1/100000)
M3  =INT(MOD(M1,100000)/1000)
M4  =INT(MOD(M1,1000)/100)
M5  =MOD(M1,100)
```

நம் தொகைக்கு M2 முதல் M5 வரை 1, 9, 9, 35 என்று வரும். அடுத்து ஒவ்வொன்றுக்கும் சொல்:

```
N2  =IF(M2=0,"",INDEX(Sol!B1:B99,M2)&IF(MOD(M1,100000)=0," லட்சம்"," லட்சத்து"))
O3  =IF(M3=0,"",INDEX(Sol!C1:C99,M3))
N3  =IF(M3=0,"",IF(MOD(M1,1000)=0,O3,LEFT(O3,LEN(O3)-2)&"த்து"))
N4  =IF(M4=0,"",IF(M5=0,INDEX(Sol!D1:D9,M4),INDEX(Sol!E1:E9,M4)))
N5  =IF(M5=0,"",INDEX(Sol!A1:A99,M5))
```

N3 என்ன செய்கிறது என்று பாருங்கள். 'ஒன்பதாயிரம்' என்பதன் கடைசியில் உள்ள 'ம்' கண்ணுக்கு ஓர் எழுத்து. கணினிக்கு 'ம' ஒன்று, புள்ளி ஒன்று, ஆக இரண்டு. ஒன்றை மட்டும் வெட்டினால் 'ஒன்பதாயிரமத்து' என்று வரும். அந்த 'ம' எங்காவது எட்டிப் பார்த்தால் இரண்டுக்குப் பதில் ஒன்று போட்டிருக்கிறீர்கள். 'ஒன்பதாயிரம்த்து' என்று வந்தால் அட்டவணையில் சொல்லுக்குப் பின் இரண்டு இடைவெளி விட்டிருக்கிறீர்கள்; ஒரே இடைவெளி என்றால் மீண்டும் 'ரமத்து' வரும்.

பிறகு சேர்த்து, ஒற்றுப் போடுங்கள்:

```
N6  =TRIM(N2&" "&N3&" "&N4&" "&N5)
N7  =SUBSTITUTE(SUBSTITUTE(N6,"த்து த","த்துத் த"),"த்து ப","த்துப் ப")
N8  =SUBSTITUTE(SUBSTITUTE(N7,"ற்று த","ற்றுத் த"),"ற்று ப","ற்றுப் ப")
N9  ="ரூபாய் "&N8&" மட்டும்"
```

பில்லின் கீழே எழுத்துத் தொகைக் கட்டத்தில் `=N9`. லிப்ரே ஆபீஸில் தாள் பெயருக்குப் பின் ஆச்சரியக்குறிக்குப் பதில் புள்ளி வரும்: `Sol.B1:B99`. ஆங்கிலத்துக்கும் இதே M2 முதல் M5 வரையிலான கட்டங்களைப் பயன்படுத்தி இன்னோர் அட்டவணை போடலாம். அங்கே உருமாற்றம் எதுவும் இல்லாததால் பத்து நிமிட வேலை. இரண்டு மொழியும் ஒரே M1இலிருந்து பிறப்பதால் தமிழ் ஒரு தொகையும் ஆங்கிலம் ஒரு தொகையும் சொல்ல வாய்ப்பே இல்லை. ஆங்கிலத்தைக் கையால் தட்டுவதாக இருந்தால் அந்த உறுதி போய்விடும்.

இந்த அமைப்பு ஒரு கோடிக்குக் கீழே மட்டும் வேலை செய்யும். அதற்கு மேல் பில் போடும் கடை என்னைத் தேடி வந்ததில்லை.

## 9. தப்பு ஒளிந்திருக்கும் எண்களைக் கொண்டு சோதனை

அன்றைய பில்லைப் போட்டுப் பார்த்துவிட்டுச் சரியென்று விட்டுவிடாதீர்கள். சுழியும் ஒன்பதும் உள்ள எண்களில்தான் பிழை வெளிவரும். மொத்தக் கட்டத்தில் இவற்றை ஒவ்வொன்றாகத் தட்டுங்கள்:

```
900        தொள்ளாயிரம்
19,910     பத்தொன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்துப் பத்து
90,090     தொண்ணூறாயிரத்துத் தொண்ணூறு
99,999     தொண்ணூற்றொன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது
1,00,001   ஒரு லட்சத்து ஒன்று
1,10,000   ஒரு லட்சத்துப் பத்தாயிரம்
21,00,000  இருபத்தொரு லட்சம்
```

99,999 ஒரு வரியில் அடங்காது. அதற்காகத்தான் இரண்டு வரி உயரம் விடச் சொன்னேன். 1,00,001இல் 'ஒரு லட்சம் ஒன்று' என்று வந்தால் N2இல் MOD பிசகியிருக்கிறது. 900க்குத் 'தொள்ளாயிரத்து' என்று வந்தால் D, E நிரல்கள் இடம் மாறியிருக்கின்றன. சோதனை முடிந்ததும் அட்டவணைத் தாளைப் பூட்டிவிடுங்கள். யாரேனும் அதில் ஒரு வரிசையைச் செருகினால் அதன் கீழே உள்ள எல்லா எண்ணும் ஒன்று தள்ளிப்போகும், அதுவும் சத்தமில்லாமல்.

## 10. அச்சும் அனுப்புதலும்

சரக்கு பில்லுக்கு மூன்று பிரதி: வாங்குபவருக்கு அசல், லாரியோடு போக ஒன்று, கடைக்கு ஒன்று. ஒவ்வொன்றின் மேலும் எது யாருக்கு என்று இரு மொழியிலும் இருக்கட்டும்.

வாட்ஸப்பில் எக்செல் கோப்பை அனுப்பாதீர்கள், பி.டி.எஃப். ஆக்கி அனுப்புங்கள். அதை முதலில் உங்கள் கணினியில் அல்லாமல் வேறொருவர் செல்பேசியில் திறந்து பாருங்கள். கொம்பு எழுத்தை விட்டுத் தனியே நின்றாலோ, கட்டம் கட்டமாகத் தெரிந்தாலோ எழுத்துரு கோப்போடு போகவில்லை.

கடை மேசையில் உள்ள சுருள் தாள் அச்சுப்பொறிகள் பலவற்றில் தமிழ் எழுத்து உள்ளே இருக்காது. பில்லைப் படமாக அனுப்பினால்தான் அச்சாகும். அதில் ஒற்றுப் புள்ளிகள் மங்கி மறையும். புள்ளி போன 'மட்டும்' என்பது 'மடடும' என்று நிற்கும். அப்படி வந்தால் எழுத்தளவை இரண்டு புள்ளி கூட்டி, தடிமனை எடுத்துவிட்டு, இன்னொரு முறை அச்சடித்துப் பாருங்கள்.